ஆட்டோகேட் திரையில் கோடுகள் மறைந்தால்: முடுக்கத்தை நிறுத்துவதா, பழைய டிரைவருக்குத் திரும்புவதா?

ஆட்டோகேடில் வேலை செய்துகொண்டிருக்கும்போது பெரிதாக்கிச் சுருக்கும் நேரத்தில் சில கோடுகள் காணாமல் போவதும், லேயவுட்டுக்கு மாறியதும் ஒரு வியூபோர்ட் முழுவதும் கறுத்துப்போவதும், மவுஸை நகர்த்தும்போதெல்லாம் திரை துடிப்பதும் தனித்தனிக் கோளாறுகளைப் போலத் தோன்றினாலும், பெரும்பாலும் அவற்றின் வேர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஆட்டோகேட் தன்னிடமுள்ள கோடுகளையும் வளைவுகளையும் கிராபிக்ஸ் கார்டிடம் ஒப்படைத்து வரையச் சொல்கிறது. அந்த ஒப்படைப்புக்கு நடுவில் நிற்பது டிரைவர் என்னும் மென்பொருள். அந்த இடைவழியில் ஏதேனும் தவறினால் கோப்பில் எல்லாம் சரியாக இருந்தும் திரையில் மட்டும் பிழை தெரியும்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் தீர்வுகள் இரண்டு. ஒன்று, இப்படிக் கார்டிடம் வரையக் கொடுக்கும் கிராபிக்ஸ் முடுக்கத்தை முழுவதுமாகவோ பகுதியாகவோ நிறுத்துவது. மற்றொன்று, கிராபிக்ஸ் டிரைவரை முந்தைய பதிப்புக்குக் கொண்டுபோவது. முதலாவது ஒரு நிமிட வேலை என்பதால் பலரும் அதைச் செய்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நிறுத்திக்கொள்கிறார்கள். என் கருத்தில் முடுக்கத்தை நிறுத்துவது முதலில் ஒரு சோதனை. அதை நிரந்தரத் தீர்வாக ஏற்பதா வேண்டாமா என்பது அந்தச் சோதனை என்ன காட்டுகிறது, உங்கள் வேலை எந்த வகையைச் சேர்ந்தது, கோளாறு தொடங்குவதற்கு முன் கணினியில் எது மாறியது என்பவற்றைப் பொறுத்தது.

பிழை திரையிலா, கோப்பிலா?

எந்த வழியைத் தேர்வதற்கும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். கோடு மறைந்த இடத்தில் LINE கட்டளையைத் தொடங்கி, ஆப்ஜெக்ட் ஸ்னாப் இயங்கும் நிலையில், கோட்டின் முனை இருந்திருக்க வேண்டிய இடத்துக்குக் கர்சரைக் கொண்டுபோங்கள். கோடு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் முனையைக் குறிக்கும் சிறு சதுரம் அங்கே தோன்றினால், அந்தக் கோடு கோப்பில் இருக்கிறது, வரையப்படவில்லை என்று பொருள். லேயர் நிறுத்தப்பட்டிருந்தாலோ உறையவைக்கப்பட்டிருந்தாலோ ஸ்னாப் பிடிக்காது. எனவே இந்தச் சிறிய சோதனை லேயர் குழப்பத்தையும் திரைக் கோளாறையும் உடனே பிரித்துக் காட்டிவிடும். ஒரு வைப்அவுட்டோ அடர்ந்த ஹேட்ச்சோ கோட்டை மூடியிருந்தாலும் ஸ்னாப் பிடிக்கக்கூடும் என்பதால், DRAWORDER மூலம் அந்தக் கோட்டை முன்னுக்குக் கொண்டுவந்தும் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது சோதனை, அதே லேயவுட்டைப் பிடிஎஃப் கோப்பாக அச்சிட்டுப் பார்ப்பது. திரையில் மறைந்தது பிடிஎஃப்பில் தெரிந்தால் வரைபடத்தில் குறையில்லை. ஆனால் வியூபோர்ட் விஷயத்தில் இந்தச் சோதனையை மட்டும் நம்பக் கூடாது. ஆட்டோகேட் ஒரு லேயவுட்டில் ஒரே நேரத்தில் உயிரோடு வைத்திருக்கும் வியூபோர்ட்டுகளுக்கு MAXACTVP என்ற மாறி வரம்பிடுகிறது. அதன் இயல்பு மதிப்பு 64. யாராவது அதைக் குறைத்து வைத்திருந்தால், வரம்பைத் தாண்டிய வியூபோர்ட்டுகள் திரையில் எதையும் காட்டாமல் தாளின் நிறத்திலேயே வெறுமையாக நிற்கும். அச்சிடுவதை இந்த வரம்பு பாதிப்பதில்லை என்பதால் பிடிஎஃப்பில் எல்லாம் முழுமையாக வரும். அதைக் கண்டு டிரைவரின் மேல் பழி போடுவதற்கு முன், அந்த ஒரு மதிப்பைத் தட்டச்சு செய்து பார்த்துவிடுவது நல்லது.

டிரைவரைக் குறைசொல்ல முடியாத இன்னொரு நிலையும் உண்டு. நில அளவை ஆயத்தொலைவுகளை அப்படியே வைத்து வரைந்த கோப்புகளில், பொருள்கள் தொடக்கப் புள்ளியிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும். ஆட்டோகேட் எண்களை 64 பிட் துல்லியத்தில் சேமிக்கிறது; ஆனால் கிராபிக்ஸ் கார்டுகள் வழக்கமாக 32 பிட் எண்களில் கணக்கிடுகின்றன, அவற்றில் ஏறத்தாழ ஏழு இலக்கங்களுக்கு மேல் துல்லியம் கிடையாது. தொடக்கப் புள்ளியிலிருந்து 450 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு புள்ளியை மில்லிமீட்டரில் எழுதினால் 45 கோடி வரும். அந்த அளவில் 32 பிட் எண்ணால் அடுத்தடுத்துக் குறிக்கக்கூடிய இரண்டு மதிப்புகளுக்கு இடையே 32 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். ஆகவே வட்டங்கள் கோணல்மாணலாகத் தெரிவதும், நெருக்கமான கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதும், பெரிதாக்கும்போது சில மறைவதும் அங்கே எதிர்பார்க்கக்கூடியவை. இத்தகைய கோப்பில் மட்டுமே கோளாறு வருகிறது, தொடக்கப் புள்ளிக்கு அருகில் வரைந்த மற்ற கோப்புகளில் வருவதில்லை என்றால், நகல் ஒன்றை எடுத்து அனைத்தையும் தொடக்கப் புள்ளிக்கு அருகில் நகர்த்திப் பாருங்கள். அது சரியாகிவிட்டால் டிரைவரைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

முடுக்கத்தை முழுவதும் நிறுத்துவது

ஆட்டோகேடின் கட்டளை வரியில் இதைத் தட்டச்சு செய்தால் கிராபிக்ஸ் அமைப்புகளுக்கான பெட்டி திறக்கும்:

```
GRAPHICSCONFIG
```

அதில் Hardware Acceleration என்ற பொத்தானை நிறுத்தினால் வரையும் வேலை கிராபிக்ஸ் கார்டிடமிருந்து மையச் செயலிக்கு மாறிவிடும். திரையின் கீழ் வலப்புறம் உள்ள சிறு குறியிலிருந்தும் இதே பெட்டிக்குப் போகலாம். ஆட்டோகேட் திறக்கும்போதே திரை கறுத்துப்போய்ப் பெட்டியை எட்ட முடியாத நிலை இருந்தால், டெஸ்க்டாப்பில் இரண்டாவது குறுக்குவழி ஒன்றை உருவாக்கி, அதன் இலக்கின் இறுதியில் `/nohardware` என்று சேர்க்க வேண்டும்:

```
"C:\Program Files\Autodesk\AutoCAD 2024\acad.exe" /nohardware
```

இப்படித் திறந்தால், சேமிக்கப்பட்ட அமைப்பு எதுவாக இருந்தாலும் முடுக்கம் இன்றியே ஆட்டோகேட் தொடங்கும். வழக்கமான குறுக்குவழியையும் இதையும் மாற்றி மாற்றித் திறந்து ஒரே கோப்பை இரு நிலையிலும் ஒப்பிட இது வசதியானது. ஒப்பிடும்போது ஒரே இடத்துக்குப் பெரிதாக்கி, ஒரே லேயவுட்டுக்கு மாறி, ஒரே செயல்களைத் திரும்பச் செய்தால்தான் முடிவை நம்ப முடியும்.

முடுக்கம் நின்றதும் கோளாறும் நின்றால் அதற்குக் காரணம் கார்டு, டிரைவர், அவற்றைப் பயன்படுத்தும் அமைப்புகள் ஆகிய மூன்றுக்குள் இருக்கிறது என்று மட்டுமே முடிவு செய்யலாம். டிரைவர்தான் குற்றவாளி என்று அதிலிருந்து நேரடியாகச் சொல்லிவிட முடியாது. முடுக்கம் நின்ற பிறகும் அதே கோடுகள் மறைந்தால் டிரைவரை மாற்றுவதில் பயன் இருக்க வாய்ப்பு குறைவு. கோப்பையும் மேலே சொன்ன காரணங்களையும்தான் மீண்டும் பார்க்க வேண்டும்.

இதன் விலை வேலைக்கு வேலை மாறுகிறது. இரு பரிமாணத் திட்ட வரைபடங்கள் மட்டும் வரைபவருக்குக் கோடுகளின் ஓரம் சற்றுப் படிக்கட்டாகத் தெரிவதும், தேர்ந்தெடுத்த பொருள் ஒளிரும் கோட்டுக்குப் பதிலாகப் புள்ளிக்கோடாகத் தெரிவதும்தான் முதலில் கண்ணில் படும். அளவான கோப்புகளில் இதைப் பொறுத்துக்கொண்டு வேலையை முடித்துவிடலாம். முப்பரிமாண மாதிரியை நிழலிட்ட காட்சியில் சுழற்றிப் பார்ப்பவருக்கு இது சரிவராது. ஒவ்வொரு சுழற்சிக்கும் காத்திருக்க நேரும், நிழல்களும் பொருள்களின் மேற்பரப்பு விளைவுகளும் கிடைக்காமல் போகும். இந்த அமைப்பு வரைபடக் கோப்பில் சேமிக்கப்படுவதில்லை, அந்தக் கணினியோடு நின்றுவிடுகிறது. ஆகவே உங்களிடம் சரியாகத் தெரியும் கோப்பு அடுத்தவர் கணினியில் பழையபடி கறுத்துத் தெரிந்தால் அதில் வியப்பில்லை.

பகுதியாகக் குறைப்பது

இந்த நடுவழியைப் பலர் முயன்று பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். அதே GRAPHICSCONFIG பெட்டியில் முடுக்கத்தை இயங்கவிட்டுவிட்டு, அதன் கீழுள்ள வசதிகளை மட்டும் ஒவ்வொன்றாக நிறுத்தலாம். கோடுகள் மறைவதற்கு முதலில் பார்க்க வேண்டியது கோடுகளை மென்மையாகக் காட்டும் வசதி. இதைக் கட்டளை வரியில் LINESMOOTHING என்ற மாறியை 0 ஆக்கியும் நிறுத்தலாம். பிந்தைய பதிப்புகளில் இரு பரிமாணக் காட்சிக்கென்று தனி நிலைகளும் உண்டு; அதை Advanced நிலையிலிருந்து Basic நிலைக்கு இறக்கினால், பெரிதாக்கும்போது பழைய படத்தின் துண்டுகள் தங்குவதும் கோடுகள் விட்டுப்போவதும் சில கணினிகளில் நின்றுவிடுகின்றன. ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றிய பிறகு REGENALL கொடுத்துப் பார்ப்பதே முறை; நான்கை ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டால் எது காரணம் என்று பிறகு தெரியாது.

கறுத்த வியூபோர்ட்டுக்கு வேறொரு சோதனை இருக்கிறது. வியூபோர்ட்டின் சட்டத்தைத் தேர்ந்தெடுத்து, பண்புகள் பலகத்தில் அதன் காட்சிப் பாணி என்னவென்று பாருங்கள். Realistic அல்லது Shaded என்றிருந்து, அதை 2D Wireframe ஆக மாற்றியதும் உள்ளடக்கம் திரும்பி வந்தால், கார்டின் முப்பரிமாணப் பாதையில் மட்டும் சிக்கல் இருக்கிறது. திட்ட வரைபடத் தாளில் நிழலிட்ட பாணிக்கு வேலையே இல்லை என்றால் அந்த மாற்றத்தோடு பிரச்சினையும் தீர்ந்துவிடும். லேயவுட்டுகளுக்கு இடையே மாறும்போது மட்டும் கறுத்து, REGEN கொடுத்ததும் தெளியும் வியூபோர்ட்டுக்கு, LAYOUTREGENCTL மாறியை 0 ஆக்கலாம். இயல்பாக அது 2 என்று இருக்கும். அப்போது ஒவ்வொரு தாளும் முதல் முறை மட்டுமே புதிதாக வரையப்பட்டு, பிறகு நினைவிலிருந்து காட்டப்படுகிறது. 0 ஆக்கினால் மாறும்போதெல்லாம் புதிதாக வரையப்படும். பெரிய கோப்புகளில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சிறிது காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய டிரைவருக்குத் திரும்புவது

டிரைவரைப் பின்னுக்குக் கொண்டுபோவது ஆட்டோகேடை மட்டுமல்ல, அந்தக் கணினியின் எல்லா மென்பொருள்களையும் தொடும் மாற்றம். நிர்வாகி உரிமையும் தேவை. ஆகவே அது சரியான மருந்துதானா என்பதை முன்கூட்டியே அறிய வேண்டும். என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்கும் கேள்வி ஒன்றுதான்: கோளாறு தொடங்கிய காலத்தில் மாறியது டிரைவரா, ஆட்டோகேடா? டிரைவர் புதுப்பிக்கப்பட்ட பிறகு தொடங்கியிருந்தால் பழையதற்குத் திரும்புவது பொருத்தம். டிரைவர் அப்படியே இருக்க, ஆட்டோகேடின் புதிய பதிப்பை நிறுவிய பிறகு தொடங்கியிருந்தால், இன்னும் பழைய டிரைவருக்குப் போவதால் பெரும்பாலும் நன்மை இல்லை. அங்கே புதிய டிரைவருக்கு முன்னேறுவதே வழி.

டிரைவர் எப்போது மாறியது என்பதைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரின் பண்புகளைத் திறந்தால் Driver பக்கத்தில் Driver Date என்று ஒரு தேதி இருக்கும். அது டிரைவர் தயாரிக்கப்பட்ட தேதி. உங்கள் கணினியில் அது நிறுவப்பட்ட நாள் அதுவல்ல. நிறுவிய நாளைப் பார்க்க, அதே பெட்டியில் உள்ள Events பக்கத்துக்குப் போக வேண்டும். என்விடியா கார்டு என்றால், விண்டோஸ் காட்டும் நீண்ட பதிப்பு எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களே நிறுவனத்தின் பதிப்பு எண், 31.0.15.3623 என்று இருந்தால் அது 536.23 என்ற பதிப்பைக் குறிக்கிறது. திரும்புவதற்கு முன் இந்த எண்ணைக் குறித்து வைக்க வேண்டும்.

துடிப்புக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் ஒரு சோதனை இங்கே பெரிதும் உதவும். திரை துடிக்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். மற்றவற்றோடு சேர்ந்து டாஸ்க் மேனேஜரும் துடித்தால் டிரைவரின் பக்கம் குறை. அது அமைதியாக இருக்க மற்றவை மட்டும் துடித்தால் ஏதோ ஒரு மென்பொருளின் பக்கம் குறை. இரண்டாவது நிலையில் டிரைவரைத் தொடுவதற்கு முன் மேலே சொன்ன பகுதி மாற்றங்களை முயல்வதே முறை.

ஒரு நிலையை முழுமையாகப் பார்த்தால்

ஒரு சாலைத் திட்ட வரைபடம் என்று வைத்துக்கொள்வோம். தாளில் ஐந்து வியூபோர்ட்டுகள். விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு, மாடலில் பெரிதாக்கும்போது சாலையின் ஓரக்கோடுகள் விட்டுவிட்டு மறைகின்றன. தாளுக்குத் திரும்பினால் சில நேரங்களில் இரண்டு வியூபோர்ட்டுகள் கறுத்திருக்கின்றன. மறைந்த கோட்டை ஸ்னாப் பிடிக்கிறது, பிடிஎஃப்பில் எல்லாம் தெரிகிறது, MAXACTVP 64 ஆகவே இருக்கிறது, தொடக்கப் புள்ளிக்கு அருகில் வரைந்த வேறு கோப்பிலும் இதே கோளாறு. ஆகவே கோப்பின் மேல் குற்றமில்லை. `/nohardware` குறுக்குவழியில் திறந்தால் இரண்டு கோளாறுகளும் இல்லை.

அடுத்து முடுக்கத்தை இயக்கி, கோடுகளின் மென்மையை நிறுத்தி, பிறகு இரு பரிமாணக் காட்சி நிலையை Basic ஆக்கினால் கோடுகள் மறைவது நிற்கிறது; ஆனால் வியூபோர்ட் கறுப்பது தொடர்கிறது. இந்த அரைகுறை முன்னேற்றத்தில் ஏமாந்துவிடக் கூடாது. ஈவென்ட் வியூவரில் System பதிவுகளைத் திறந்து, வியூபோர்ட் கறுத்த நேரத்துக்கு அருகில் Display என்ற மூலத்திலிருந்து 4101 என்ற எண்ணில் ஏதேனும் பதிவு இருக்கிறதா என்று பார்க்கிறோம். இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு பதில் தராமல் நின்றால் விண்டோஸ் இயல்பாக இரண்டு நொடிகள் காத்திருந்துவிட்டு டிரைவரை மீண்டும் தொடங்கிவைக்கிறது; அந்தப் பதிவு அதைத்தான் சொல்கிறது. அப்படித் தொடங்கும்போது கார்டின் நினைவில் இருந்த படங்கள் போய்விடுவதால், வியூபோர்ட் கறுத்து நிற்பதற்கு விளக்கம் கிடைத்துவிட்டது. Events பக்கத்தின்படி டிரைவர் புதிதாக நிறுவப்பட்ட நாளும் கோளாறு தொடங்கிய நாளும் பொருந்துகின்றன. இனி அமைப்புகளை மாற்றிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. பழைய டிரைவருக்குத் திரும்ப வேண்டிய இடம் இதுதான்.

மடிக்கணினி என்றால் இந்த இடத்தில் ஒரு கணம் நிற்க வேண்டும். பலவற்றில் இரண்டு கிராபிக்ஸ் அமைப்புகள் உள்ளன: செயலியோடு சேர்ந்தது ஒன்று, தனிக் கார்டு ஒன்று. ஆட்டோகேட் எதைப் பயன்படுத்துகிறது என்பது GRAPHICSCONFIG பெட்டியில் கார்டின் பெயராகத் தெரியும். செயலியோடு சேர்ந்ததில் அது இயங்கிக்கொண்டிருக்க, தனிக் கார்டின் டிரைவரை மாற்றினால் எதுவும் மாறாது. டிரைவரை மாற்றுவது பயனற்றது என்ற தவறான முடிவுக்கும் அது கொண்டுபோய்விடும். அப்படியிருந்தால் விண்டோஸ் அமைப்புகளில் டிஸ்ப்ளே பிரிவின் கீழுள்ள Graphics பக்கத்தில் acad.exe கோப்பைச் சேர்த்து, High performance என்று மாற்றிவிட்டு முதலில் அந்த நிலையில் சோதிக்க வேண்டும்.

சரியான அடாப்டரின் Driver பக்கத்தில் Roll Back Driver பொத்தானை அழுத்தினால், எதற்காகத் திரும்புகிறீர்கள் என்று விண்டோஸ் கேட்கும். ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்து ஒப்புக்கொண்டால் திரை சில நொடிகள் கறுத்துத் திரும்பும். அதன் பின் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். ஆட்டோகேடை வழக்கமான குறுக்குவழியில் திறந்து, முன்பு குறைத்த அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்கு உயர்த்தி, அதே கோப்பில் அதே செயல்களைச் செய்து பார்க்கிறோம். கோடுகளின் மென்மை, Advanced காட்சி நிலை இரண்டும் திரும்பிய பிறகும் கோளாறு வரவில்லை, 4101 பதிவும் புதிதாகச் சேரவில்லை என்றால் மட்டுமே டிரைவர்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்லலாம்.

அந்தப் பொத்தான் மங்கி, அழுத்த முடியாமல் இருந்தால் பழைய டிரைவர் கணினியில் சேமித்து வைக்கப்படவில்லை என்று பொருள். வட்டில் இடம் பிடிக்கச் செய்யும் சுத்திகரிப்பில் அது அழிந்திருக்கலாம். அப்போது கார்டைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தோ, மடிக்கணினி என்றால் அதைத் தயாரித்தவரின் தளத்திலிருந்தோ பழைய பதிப்பைப் பதிவிறக்கி நிறுவ வேண்டும். எந்தப் பதிப்பை எடுப்பது என்று தெரியாவிட்டால், ஆட்டோடெஸ்க் நிறுவனம் வெளியிடும் சான்றளிக்கப்பட்ட கார்டுகளின் பட்டியலில் உங்கள் கார்டுக்கும் ஆட்டோகேட் பதிப்புக்கும் நேராகச் சொல்லப்பட்டுள்ள டிரைவர் எண்ணை எடுப்பதே பாதுகாப்பானது. என்விடியா நிறுவியில் பழைய அமைப்புகளைத் துடைத்துவிட்டு நிறுவும் தேர்வு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால், கட்டுப்பாட்டுப் பலகத்தில் யாரோ எல்லா மென்பொருள்களுக்கும் சேர்த்துக் கட்டாயமாக்கி வைத்த கோட்டு மென்மை அமைப்பும் அதோடு போய்விடும்.

ஆக, இரு பரிமாண வேலை மட்டும் செய்பவர், அன்று மாலைக்குள் தாள்களை அனுப்ப வேண்டியவர், நிர்வாகி உரிமை இல்லாதவர் ஆகியோருக்கு முடுக்கத்தை முழுவதும் நிறுத்துவதே அந்த நேரத்துக்கு ஏற்ற வழி. அதில் தயங்க வேண்டியதில்லை. கோடுகள் மட்டும் மறைகின்றன, 4101 பதிவுகள் இல்லை, டாஸ்க் மேனேஜர் அமைதியாக இருக்கிறது என்றால், பகுதியாகக் குறைத்துவிட்டு மற்ற வேகத்தை வைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். முப்பரிமாண வேலை செய்பவருக்கும், டிரைவர் மாறிய நாளும் கோளாறு தொடங்கிய நாளும் பொருந்துபவருக்கும், முழுத் திரையும் துடிக்கும் கோளாறு உள்ளவருக்கும் பழைய டிரைவருக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடக் கூடாது. அதற்கும் ஒரு விலை உண்டு: புதிய டிரைவரோடு வந்த பாதுகாப்புத் திருத்தங்களையும் இழக்கிறோம். எனவே பழைய பதிப்பிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடாமல், அடுத்தடுத்து வெளியாகும் பதிப்புகளின் குறிப்புகளில் ஆட்டோகேட் தொடர்பான திருத்தம் வந்திருக்கிறதா என்று பார்த்து, வேலை நெருக்கடி இல்லாத நாளில் முன்னேறிச் சோதிக்க வேண்டும்.

திரும்பிய பிறகு உடனே செய்ய வேண்டிய ஒன்று எஞ்சியிருக்கிறது. விண்டோஸ் புதுப்பிப்பு அதே புதிய டிரைவரை மறுபடியும் நிறுவிவிடக்கூடும்; சில நாள்களில் கோளாறு திரும்பி வந்தால், டிவைஸ் மேனேஜரில் பதிப்பு எண்ணை முன்பு குறித்து வைத்ததோடு ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். விண்டோஸின் புரோ பதிப்பில் gpedit.msc திறந்து, விண்டோஸ் புதுப்பிப்புக்கான கொள்கைகளில் Do not include drivers with Windows Updates என்பதை Enabled ஆக்கினால் இது தடுக்கப்படும். ஆனால் அந்தக் கொள்கை கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டுமன்றி, விண்டோஸ் புதுப்பிப்பு வழியாக வரும் எல்லா டிரைவர்களையும் நிறுத்திவிடுகிறது என்பதால், கிராபிக்ஸ் டிரைவரில் புதிய பதிப்புக்கு மாறும் நாளில் இதையும் பழைய நிலைக்கு மாற்றிவிட வேண்டும்.